அட்டையில் உள்ள C, ஐரோப்பாவின் C: கனரக லைசன் வெளிநாட்டில் என்ன ஆகிறது?

கொழும்பில் லொறி ஓட்டுகிறவர்களிடம் வெளிநாட்டு வேலை பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஹெவி லைசன் இருக்கு, அங்க போய் மாத்திக்கலாம்." கிராண்ட்பாஸ் பக்கம் லொறிகள் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் இடத்தில் கேட்டாலும் இதுதான், பேலியகொடையில் கேட்டாலும் இதுதான். ஏஜென்சிக்காரரும் இதையேதான் சொல்கிறார். அவர் சொல்லிச் சொல்லித்தான் மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்களோ என்னவோ.

அந்த ஒரு வரிக்குள் இரண்டு தப்பான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. 'ஹெவி' என்றால் எல்லா நாட்டிலும் ஒரே வாகனம்தான் என்பது முதலாவது. லைசனை மாற்றிவிட்டால் மறுநாளே சம்பளத்துக்கு ஓட்டலாம் என்பது இரண்டாவது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு முதலில் நம்முடைய அட்டையையே சரியாக வாசிக்க வேண்டும்.

## நம் அட்டையில் உள்ள எழுத்துகள்

சாரதி அனுமதிப்பத்திரத்தில் A1, B, C1, D என்று எழுத்துகள் இருக்கின்றன அல்லவா, அவைதான் வாகன வகுப்புகள். எந்த வகுப்பு என்பதைச் சரக்கு வாகனத்தில் எடை தீர்மானிக்கிறது, பயணிகள் வாகனத்தில் ஆசன எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

எடை என்று இங்கே சொல்வது மொத்த வாகன எடையை. லொறியின் சொந்த எடையும், அது அதிகபட்சம் ஏற்ற அனுமதிக்கப்பட்ட சுமையும் சேர்ந்த தொகை அது. இன்றைக்கு லொறி வெறுமையாக ஓடுகிறதா, நிரம்பி ஓடுகிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெறும் லொறியை ஓட்டினாலும் வகுப்பு அதேதான்.

இலங்கையில் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டி 17,000 கிலோ வரை இருந்தால் அந்த லொறி C1 வகுப்பு. 17,000 கிலோவுக்கு மேல் போனால் C. பின்னால் 750 கிலோவுக்கு மேற்பட்ட வெற்று எடை கொண்ட டிரெயிலரை இழுத்தால் CE. துறைமுகத்துக்குள் கொன்டேனர் இழுத்துப் போகும் பிரைம் மூவர் இந்தக் கடைசி வகுப்பில் வருகிறது. பஸ் பக்கம், சாரதியையும் சேர்த்து 33 ஆசனம் வரை D1, அதற்கு மேல் D.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, C1 வகுப்புக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வைத்திருக்கும் பெயரே 'இலகு மோட்டார் லொறி' என்பதுதான். புறக்கோட்டையில் மூட்டை ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக யாழ்ப்பாணம் போகும் ஆறு சில்லு லொறியை நாம் 'ஹெவி' என்கிறோம். ஓட்டுகிறவருடைய கைக்கும் முதுகுக்கும் அது ஹெவிதான். அட்டையைப் பொறுத்தவரை அதில் பல லொறிகள் இலகு லொறிகள்.

சுருக்கமாக: நம் பேச்சில் ஒரே ஒரு 'ஹெவி' இருக்கிறது, அட்டையில் அது C1, C, CE என்று மூன்றாகப் பிரிகிறது. வெளிநாட்டுக்காரர் பார்க்கப்போவது அட்டையை.

## வகுப்பு சேர்ப்பதும் அதன் ஆயுளும்

கையில் இருக்கும் லைசனில் புதிய வகுப்பைச் சேர்ப்பதைத்தான் பலரும் 'என்டோர்ஸ்மென்ட்' என்கிறார்கள். போக்குவரத்துக் குற்றத்துக்கு நீதிமன்றம் லைசனில் போடும் பதிவுக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துவதுண்டு, அது வேறு விஷயம். இந்தக் கட்டுரையில் 'வகுப்பு சேர்த்தல்' என்றே சொல்கிறேன்.

நேரடியாகக் கனரக வகுப்பில் இருந்து தொடங்க முடியாது. இலகுரக வாகன லைசன் எடுத்து இரண்டு வருடம் போன பிறகுதான் கனரக வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதன் தலைமையகம் நுகேகொடையில் இருக்கிறது. சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லுபடியாகும், அதனால் 'எப்படியும் தேவைப்படும்' என்று வெகு முன்னரே எடுத்து வைப்பதில் பயனில்லை. அப்புறம் அந்த வகுப்பு வாகனத்தையே கொண்டுபோய் ஓட்டுப் பரீட்சையில் ஓட்டிக் காட்ட வேண்டும். CE வேண்டுமென்றால் டிரெயிலரோடு ஓட்டிக் காட்ட வேண்டும். பலர் C1 இலேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பரீட்சைக்குப் பிரைம் மூவரும் டிரெயிலரும் தேடிப் பிடிப்பது சின்ன வேலை இல்லை.

ஆயுளிலும் வித்தியாசம் உண்டு. இலகுரக வாகன லைசன் 8 வருடம் ஓடும், கனரக வாகன லைசன் 4 வருடம்தான். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். வகுப்புக்கு வகுப்பு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தனித்தனியாக இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'லைசன் இன்னும் இருக்கு' என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வெளிநாட்டு முதலாளி முதலில் கேட்பது பின்பக்கத்தின் படத்தை. உங்களுக்கு அந்த வகுப்பில் எத்தனை வருட அனுபவம் என்று அவர் கணக்குப் போடுவது தொடக்கத் தேதியை வைத்து. போன மாதம் CE சேர்த்தவர் 'பத்து வருஷ அனுபவம்' என்று விண்ணப்பத்தில் எழுதினால், அந்தத் தேதியே அதைப் பொய்யாக்கிவிடும்.

## எழுத்து ஒன்று, அளவு வேறு

புறக்கோட்டையில் சப்பாத்து வாங்குகிறீர்கள். ஒரு கம்பனியின் 8 உங்களுக்குக் கச்சிதமாக இருக்கிறது. வேறு நாட்டில் செய்த சப்பாத்திலும் 8 என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் கால் உள்ளே போகாது. கால் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை, எண்ணுக்குப் பின்னால் உள்ள அளவுதான் வேறு. லைசன் எழுத்துகளும் இப்படித்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் C1, C, CE, D1, D எல்லாம் இருக்கின்றன. நம் அட்டையைப் பார்த்தவுடன் 'அதேதானே' என்று தோன்றும். ஆனால் அங்கே C1 வகுப்பின் மேல் எல்லை 7,500 கிலோ. நம் நாட்டில் அது 17,000. அதாவது இங்கே C1 வைத்திருப்பவர் சட்டப்படி ஓட்டும் 16,000 கிலோ லொறியை அங்கே C1 வைத்திருப்பவர் தொட முடியாது. அதற்கு C வேண்டும்.

பஸ்ஸிலும் இதே கதைதான். நம் D1 சாரதியோடு 33 ஆசனம் வரை போகும். ஐரோப்பிய D1 சாரதியைத் தவிர்த்து 16 பயணிகளோடு நின்றுவிடும், வாகனத்தின் நீளமும் 8 மீற்றரைத் தாண்டக்கூடாது. கொழும்பில் ரோசா, கோஸ்டர் ஓட்டுகிறவர்களில் பலருக்கு அங்கே அதே பஸ்ஸை ஓட்ட முழு D தேவைப்படும்.

மூன்றாவதாக இன்னொரு C-யும் உண்டு. அது இருப்பது சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தில். கொழும்பு 3 இல் காலிமுகத்திடல் பக்கம் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் தரும் சிறு புத்தகம் அது. இது 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வகுத்த மாதிரியில் வருகிறது. அந்த மாதிரியில் A முதல் E வரை ஐந்தே பிரிவுகள், C1 என்ற பிரிவே இல்லை. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனம் எல்லாம் அதில் C. ஆக, நம் அட்டையில் C1 மட்டும் உள்ள ஒருவர் அந்தப் புத்தகத்தில் C பிரிவைப் பார்த்துவிட்டு 'எனக்கு C கிடைச்சிருச்சு' என்று சந்தோஷப்பட இடமிருக்கிறது. அது வீண் சந்தோஷம்.

## சர்வதேச அனுமதிப்பத்திரம் எதற்கு உதவும்?

மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் காகிதம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் லைசனில் உள்ள விபரங்களை வேறு மொழிகளில் எடுத்துச் சொல்லும் புத்தகம், அவ்வளவுதான். ஒரு வருடம் செல்லுபடியாகும். நம் லைசன் கையில் இல்லாமல் இதை மட்டும் காட்டினால் பெறுமதி கிடையாது. விருந்தாளியாகப் போய்க் கொஞ்ச நாள் கார் ஓட்டுகிறவருக்காக உருவானது இது.

வேலைக்குப் போகிறவர் விருந்தாளி இல்லை. வதிவிட விசா கையில் வந்த பிறகு அவரை அந்த நாட்டுச் சட்டம் அங்கே வசிப்பவராகப் பார்க்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வதிவிட விசா எடுத்தவர் இந்தப் புத்தகத்தை வைத்து ஓட்ட முடியாது, அந்த நாட்டு லைசன் எடுத்தாக வேண்டும். 'இன்டர்நேஷனல் லைசன் எடுத்துட்டு வாங்க, அதுலேயே லொறி ஓட்டலாம்' என்று யாராவது சொன்னால், சொல்கிறவருக்கு விஷயம் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்கிறார்.

## மாற்றுவது என்றால் என்ன?

'கன்வெர்ட்' என்ற சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஒன்று பரிமாற்றம். உங்கள் லைசனைக் கொடுத்துவிட்டு, பரீட்சை இல்லாமலோ சின்னப் பரீட்சையோடோ அவர்கள் லைசனை வாங்கிக்கொள்வது. எந்தெந்த நாட்டு லைசனைப் பரிமாறலாம் என்று ஒவ்வொரு நாடும் பட்டியல் வைத்திருக்கிறது. பிரித்தானியாவின் பட்டியலில் இலங்கை இல்லை. பிரித்தானியாவில் வதிவிடம் எடுத்த இலங்கையர் நம் லைசனை வைத்து ஒரு வருடம் வரை சிறிய வாகனங்களை ஓட்டலாம். லொறிக்கும் பஸ்ஸுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

மற்றது புதிதாக எடுப்பது. அந்த நாட்டுப் பள்ளியில் பயிற்சி, எழுத்து, ஓட்டுப் பரீட்சை என்று முழுப் பாதையும் போக வேண்டும். நம் லைசன் இருப்பதால் பயிற்சி நேரம் குறையலாம், அனுபவத்தால் பரீட்சை சுலபமாகலாம். ஆனாலும் இது புதிய லைசன்தான். வளைகுடாவுக்கு லொறி ஓட்டப் போகும் நம்மவர்களில் பலருக்கு 'மாற்றுவது' என்பது உண்மையில் இதுதான். பயிற்சிப் பணத்தை யார் கட்டுவது, பரீட்சையில் தவறினால் அடுத்த முறைக்கு யார் கட்டுவது, அதுவரை சம்பளம் உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய விஷயங்கள். வாய்ப்பேச்சில் 'கம்பனி பார்த்துக்கும்' என்பார்கள். கம்பனி பார்த்துக்கொண்டு, மாதா மாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்ளவும் செய்யும்.

இன்னொரு விஷயம், பட்டியலில் நம் நாடு இருந்தாலும் எந்த வகுப்புக்கு என்று பார்க்க வேண்டும். காருக்கு மட்டும் பரிமாற்றம் தந்து லொறிக்கும் பஸ்ஸுக்கும் பரீட்சை கேட்கும் நாடுகள் இருக்கின்றன.

சுருக்கமாக: 'மாத்தித் தருவோம்' என்று யாராவது சொன்னால், பரிமாற்றமா, புதிய பரீட்சையா, எந்த வகுப்புக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

## ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்

கொட்டாஞ்சேனையில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்று வையுங்கள், வயது 34. 2018 முதல் C1 இருக்கிறது. மொத்த எடை 16,000 கிலோ உள்ள ஆறு சில்லு லொறியில் வெளியூர் ஓட்டம். ஏஜென்சி ஒன்று அவரிடம், ருமேனியாவில் டிரெயிலர் லொறி ஓட்டும் வேலை, லைசனை அங்கே மாற்றித் தருவார்கள், போனவுடன் ஓட்டலாம் என்கிறது.

அவர் ஓட்டப்போவது டிரெயிலர் லொறி, அதற்கு வேண்டியது CE. அண்ணனின் அட்டையில் C-யும் இல்லை, CE-யும் இல்லை. இல்லாத வகுப்பை யாரும் பரிமாறித் தர மாட்டார்கள். அவருடைய C1 எழுத்துக்கு எழுத்து மாறியது என்றே வைத்துக்கொண்டாலும், அங்கே 7,500 கிலோவோடு நின்றுவிடும். இத்தனை வருடமாக இங்கே ஓட்டிய லொறியையே ஓட்ட முடியாது.

'சரி, இங்கேயே CE சேர்த்துக்கொண்டு போகிறேன்' என்று அவர் நினைக்கலாம். அது நல்ல யோசனை, டிரெயிலரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் அங்கே போய் நிற்பதை விட எவ்வளவோ மேல். ஆனால் அட்டையில் விழும் தொடக்கத் தேதி புதியது. சில மாதமாவது துறைமுகப் பக்கம் கொன்டேனர் ஓட்டி, சேவைக் கடிதம் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனால் அந்த எழுத்துக்கு ஒரு பலம் கிடைக்கும்.

அடுத்த தடை வதிவிடம். ஐரோப்பிய ஒன்றியத்தில் லைசன் தரும் உரிமை, ஒருவர் வழமையாக வசிக்கும் நாட்டுக்குத்தான் உண்டு. வழமையாக வசிப்பது என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு வருடத்தில் 185 நாள். விமான நிலையத்தில் இறங்கி அடுத்த வாரமே லைசன் கையில் கிடைக்கும் என்ற கணக்கு இங்கேயே உடைகிறது.

இதையும் தாண்டி ஐரோப்பிய CE கையில் வந்துவிட்டது என்று வைப்போம். இன்னும் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாத இடம் இதுதான். அங்கே சாலையில் ஓட்டும் அனுமதி ஒன்று, தொழிலாக ஓட்டும் தகுதி இன்னொன்று. அந்தத் தொழில் தகுதிக்குத் தனிப் பயிற்சியும் தனிப் பரீட்சையும் இருக்கின்றன. முழுப் பயிற்சி என்றால் 280 மணித்தியாலம், விரைவுப் பயிற்சி 140 மணித்தியாலம். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை 35 மணித்தியாலப் புதுப்பித்தல். இதை முடித்தவருடைய லைசனில் வகுப்புக்குப் பக்கத்தில் 95 என்ற குறியீடு விழும், அல்லது தனி அட்டையாகக் கொடுப்பார்கள். ஐரோப்பிய லொறி வேலை விளம்பரங்களில் 'கோட் 95' என்று போட்டிருப்பது இதைத்தான். விரைவுப் பயிற்சியை எடுத்துக்கொண்டாலும், நாளைக்கு ஏழு மணித்தியாலம் வைத்தால் இருபது வேலை நாள். வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பிரேக் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது. கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதுதான் சிரமம்.

அப்புறம் டிஜிட்டல் டாக்கோகிராஃப் அட்டை. டாக்கோகிராஃப் என்பது லொறி ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதியும் கருவி. சாரதி தன் பெயரில் உள்ள அட்டையைச் செருகிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். தொடர்ந்து நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, ஒரு நாளில் பொதுவாக 9 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். இரவு முழுக்க ஓட்டி விடியும்போது யாழ்ப்பாணத்தில் நிற்கும் நம்மூர்ப் பழக்கத்தை அந்தக் கருவி மன்னிக்காது. தண்டப்பணம் அங்கே உண்மையிலேயே பெரிது.

எல்லை தாண்டும் ஓட்டம் என்றால் இன்னொரு காகிதமும் வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த சாரதி சரக்கோடு நாடு விட்டு நாடு போவதற்குச் சாரதி அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அதைக் கம்பனிதான் விண்ணப்பித்து எடுக்கும், அது கம்பனியின் சொத்து. அசல் சாரதியோடு லொறியில் இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு வேறு கம்பனிக்குப் போனால் புதிய கம்பனி புதிதாக எடுக்க வேண்டும். பழையதை வைத்து ஓட்ட முடியாது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அண்ணன் ருமேனியாவில் இறங்கும் நாளுக்கும் முதல் தடவை டிரெயிலர் லொறியைச் சம்பளத்துக்கு எடுக்கும் நாளுக்கும் இடையில் மாதக் கணக்கு இருக்கிறது. அந்த மாதங்களில் அவர் களஞ்சியத்தில் மூட்டை தூக்குவாரா, என்ன சம்பளத்துக்கு, தங்குமிடம் யார் செலவு? ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. 'போனவுடன் ஓட்டலாம்' என்ற பேச்சுக்கு இதுதான் பரீட்சை.

## ருமேனியாவில் எடுத்து இத்தாலிக்குப் போகலாமா?

இந்தத் திட்டத்தோடு போகிறவர்களும் உண்டு, அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றியத்தின் ஒரு நாட்டு லைசன் மற்ற நாடுகளிலும் செல்லும் என்பது உண்மை. ஆனால் அந்த லைசன் எப்படி வந்தது என்பது முக்கியம். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டு லைசனைப் பரிமாறிக் கிடைத்ததென்றால், அதில் 70 என்ற குறியீட்டோடு மூல நாடும் குறிக்கப்படும். அந்தக் குறிப்புள்ளவர் வேறு உறுப்பு நாட்டுக்குக் குடியேறினால், அந்த நாடு அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி எடுத்த லைசனுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதனால், சுலபமான பரிமாற்றத்தை விடச் சிரமமான பரீட்சையே நெடுங்காலத்துக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

## 'மெடிக்கல் பாஸ்' என்றால் எந்த மெடிக்கல்?

இங்கேயும் ஒரே சொல்லில் மூன்று வேறு பரிசோதனைகள்.

முதலாவது, நுகேகொடை நிறுவனம் செய்வது. இலங்கை லைசனுக்காக, ஓட்டுவதற்கு உடல் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது.

இரண்டாவது, வளைகுடா நாடுகளின் விசாவுக்கானது. பழைய பெயரால் பலர் இன்னும் 'கம்கா மெடிக்கல்' என்கிறார்கள், இப்போது அது 'வஃபித்' என்ற முறையில் நடக்கிறது. இதில் முக்கியமாகப் பார்ப்பது தொற்றுநோய்களை: நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக் காசநோய், இரத்தத்தில் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி. இதில் தேறியவருக்குக் கிடைப்பது விசாவுக்கான தகுதி. லொறி ஓட்டுவதற்கான தகுதி என்று அதற்குப் பொருள் இல்லை.

மூன்றாவது, போன நாட்டில் லைசனுக்கு எடுப்பது. பெரும்பாலும் கண்ணில்தான் சிக்கல் வரும். ஐரோப்பாவில் காருக்கும் லொறிக்கும் கண்பார்வை அளவு வேறு. காருக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து 0.5 இருந்தால் போதும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் நல்ல கண்ணில் குறைந்தது 0.8, மற்றக் கண்ணில் குறைந்தது 0.1 வேண்டும். நம் டொக்டர்கள் எழுதும் முறையில் 0.8 என்பது ஏறத்தாழ 6/7.5, 0.1 என்பது 6/60. கண்ணாடி போட்டு இந்த அளவை எட்டினாலும் சரி, ஆனால் கூட்டல் பவர் 8 ஐத் தாண்டக்கூடாது. இதோடு பக்கவாட்டுப் பார்வையும் பார்ப்பார்கள், கிடையாக 160 பாகை. ஒரு கண் பார்வையே இல்லாதவர் காரில் தேறலாம், லொறியில் தேற முடியாது.

நீரிழிவு, வலிப்பு, இதய நோய், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் எல்லாவற்றிலும் லொறிக்காரருக்கு விதி இறுக்கமானது. அங்கே லொறி, பஸ் லைசனின் ஆயுள் ஐந்து வருடம், ஒவ்வொரு புதுப்பித்தலின் போதும் மருத்துவம் உண்டு.

எனவே ஏஜென்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் ஒரு கண் வைத்தியரிடம் போய், இரண்டு கண்ணையும் தனித்தனியே அளந்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் பார்வையையும் அளக்கச் சொல்லுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சீனியையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கடன் பட்டு, போய்ச் சேர்ந்த பிறகு ஓர் எண்ணால் தவறுவதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமில்லை.

## கொழும்பை விட்டுப் போகுமுன்

சில காகித வேலைகள் இங்கே இருக்கும்போது எளிது, அங்கே போன பிறகு பெரும் பாடு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் உங்கள் லைசன் உண்மையானது, எந்த வகுப்புகள், எந்தத் தேதியில் இருந்து என்று உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டு வாங்குங்கள். பரிமாற்றம் தரும் நாடுகள் அட்டையை மட்டும் நம்புவதில்லை. அந்தக் கடிதத்தை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுறுதி செய்ய வேண்டும். அது இப்போது பத்தரமுல்லையில் சுஹுருபாய கட்டடத்தில் இருக்கிறது. கனரக வகுப்பு முடியப்போகிறதென்றால் புறப்படுமுன்னரே புதுப்பித்துவிடுங்கள். அங்கே இருந்துகொண்டு நுகேகொடையில் மருத்துவம் எடுக்க முடியாது.

எரிபொருள் பௌசர் ஓட்டுகிறவர்கள் இன்னும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவில் ஆபத்தான பொருட்களை ஏற்றிச் செல்லத் தனிச் சான்றிதழ் வேண்டும், ஐந்து வருடம் செல்லும். இங்கே எத்தனை வருடம் பௌசர் ஓட்டியிருந்தாலும் அது அங்கே கணக்கில் வராது.

ஏஜென்சி விஷயத்தில், அதற்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த நாட்டுக்கு, அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி பெற்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். அனுமதி பெற்ற வேலையில் பதவியின் பெயர் என்ன என்றும் கேளுங்கள். 'டிரெயிலர் சாரதி' என்று பேசிவிட்டு, காகிதத்தில் 'பொதுத் தொழிலாளி' என்று இருந்தால், அங்கே போய் லைசன் எடுத்தாலும் விசாவில் இருப்பது அந்தத் தொழிலாளி வேலைதான். அதை மாற்ற முதலாளியின் சம்மதம் வேண்டும்.